ஒரே மூட்டை

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு மெயில் போனது. அவள் மேசை நாட்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மருத்துவமனை கொடுத்த கெடு வியாழன் பகல் பன்னிரண்டு. இரண்டு நாள் கையிருப்பு.

கட்டட வரைபடம் வரைவது அவள் வேலை. அதே அலுவலகத்தில், அதே ஜன்னலோர மேசையில் பதினாறு வருடம். கோடு கோணினால் அவளுக்குச் சோறு இறங்காது. தம்பி அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளின் குடல் அவனுக்குத் தெரியும். அவன் கல்லீரலில் நாலு சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருப்பது மட்டும் போன மாதம்தான் தெரிந்தது.

இங்கே பார்க்கும் டாக்டர் நேர்மையானவர். கட்டியின் ஓரத்துக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது, அது இருக்கிற வரைதான் ஆபரேஷன் என்ற பேச்சு என்றார். வெட்டலாமா கூடாதா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது, பெரிய மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை காலை கூடும், அவர்கள் சொன்னால் சொன்னதுதான் என்றார்.

மூன்று மில்லிமீட்டர் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நூற்றுக்கு ஒன்று அளவில் அது முப்பது சென்டிமீட்டர், நல்ல கனமான சுவர். உடம்புக்குள் அது வெறும் மூன்று மில்லிமீட்டர்.

அனுப்ப வேண்டியவை: டாக்டரின் கடிதம், ரத்தப் பரிசோதனை, திசுப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை. நாலும் பிடிஎஃப். பிறகு ஸ்கேன் சிடி. அதற்குள் அறுபத்து நாலு படங்கள், எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு எம்பி. மெயிலில் இருபதுக்கு மேல் போகாது.

இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்தில் இதற்கு மூட்டை கட்டுவது என்று பெயர். ஒரு வரைபடத்தைத் திறந்தால் அது வேறு நாலு வரைபடங்களை உள்ளே இழுக்கும். தூண்கள் ஒரு கோப்பில், படிக்கட்டு இன்னொன்றில். ஒன்று விட்டுப்போனாலும் திறப்பவருக்கு அந்த இடம் காலியாகத் தெரியும். அப்படித்தான் ஒருமுறை படிக்கட்டுக் கோப்பு விட்டுப்போய், கான்ட்ராக்டர் மாடிக்கு வழியே வைக்காமல் கான்கிரீட் கொட்டிவிட்டார். மூன்று வாரம் உடைத்தார்கள். அன்றிலிருந்து முதலாளியின் சட்டம்: எல்லாம் ஒரே ஜிப், அதற்கு ஒரு பூட்டு, பாஸ்வேர்ட் தனியாக எஸ்எம்எஸ்ஸில். அந்தச் சட்டம் வந்தபின் ஒரு படிக்கட்டும் காணாமல் போகவில்லை.

எனவே ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினாள். ஸ்கேன் படங்கள் சரிபாதிக்கும் கீழே இறங்கின. பிடிஎஃப்கள் நாலும் இம்மியும் குறையவில்லை. அவை ஏற்கெனவே அமுங்கியவை, பிழிந்த துணியைப் பிழிந்தால் என்ன சொட்டும். மொத்தம் பதினெட்டு எம்பி. தம்பியின் உடம்பு கண்டவர் கைக்குப் போகக்கூடாது என்று அலுவலகப் பூட்டிலேயே பலமானதைப் போட்டாள். முதலில் தன் முகவரிக்கே அனுப்பித் திறந்து பார்த்தாள். சுத்தமாகத் திறந்தது. பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்பினாள். குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளரின் கைபேசிக்கு எட்டு எழுத்துப் பாஸ்வேர்டும் போனது.

எதிர் மேசை இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். வீட்டு வேலைக்கும் பூட்டா என்று கேட்டார். அவர் கட்டுகிற மூட்டை எப்போதும் வழியில் அவிழும் என்று அவள் பதிலுக்குச் சொன்னாள். சிரித்தார்கள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் இரண்டு வாரத்தில் இளைத்திருந்தான். சட்டை காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அனுப்பியாயிற்று என்றதும் அவன் மனைவி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போன் பண்ணிக் கேட்டுவிடலாமே என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். கேட்கக்கூடாது என்று மருத்துவமனை கொடுத்த படிவத்திலேயே போட்டிருக்கிறது: மெயில் வந்ததா என்று தொலைபேசியில் விசாரிக்க வேண்டாம். படிவத்தில் போட்டிருப்பதை மீறுகிறவள் இல்லை அக்கா.

"நீ அனுப்பினா போயிருக்கும். உன் பேரே ஸ்கேல்," என்றான் தம்பி. "எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். லிஃப்ட் மேலயும் கீழயும் போகலாம், தப்பில்ல. நடுவுல நிக்கிறதுதான் கெட்டது."

வியாழன் போனது. வெள்ளி காலை எட்டு மணிக்கு அவள் மேசையில் உட்கார்ந்து ஒரு குளியலறையின் ஓடுகளை வரைந்தாள். ஓடு ஓடாக எண்ணி வரைந்தாள். பதினொரு மணிக்குப் படிக்கட்டுப் பக்கம் போய் மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

ஒருங்கிணைப்பாளரின் குரல் சின்ன வயதுக் குரல், களைத்த குரல். பதிவு எண்ணைக் கேட்டாள். தட்டும் சத்தம் கேட்டது. இன்றைய பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றாள். உங்களிடமிருந்து எந்த ரிப்போர்ட்டும் வரவில்லையே என்றாள்.

செவ்வாய் பதினொன்று நாற்பது என்று இவள் சொன்னாள். அதை மூன்று தடவை சொன்னாள். அனுப்பிய மெயில்களில் இருக்கிறது, திரும்பியும் வரவில்லை என்றாள்.

"ஜிப்பா அனுப்பினீங்களா மேடம்?"

"ஆமா."

"பாஸ்வேர்ட் போட்டா?"

போட்டிருக்கிறேன் என்றாள்.

பூட்டிய ஃபைலை எங்கள் சர்வர் உள்ளே விடாது என்றாள் அந்தப் பெண். உள்ளே என்ன இருக்கிறது என்று அதால் பார்க்க முடியாது, பார்க்க முடியாததை வைரஸ் கணக்கில் நிறுத்தி வைத்துவிடும், அனுப்பினவருக்கும் சொல்லாது எங்களுக்கும் சொல்லாது. பிறகு கொஞ்சம் தயங்கி, செவ்வாய்க்கிழமை தெரியாத நம்பரிலிருந்து எட்டு எழுத்தில் ஒரு மெசேஜ் வந்தது, ஏமாற்று வேலை என்று அழித்துவிட்டேன், அது நீங்களா என்று கேட்டாள்.

லைனில் இருங்கள் என்று போனவள் கம்ப்யூட்டர் பிரிவில் சொல்லி மெயிலை விடுவிக்க வைத்தாள். கால் மணி நேரம். இவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். உள்ளே ஃபைல்களின் பெயர்கள் தெரிகின்றன, திறந்தால் பிழை காட்டுகிறது என்று பதில் வந்தது. அவளுக்குப் புரிந்தது. அந்தப் பலமான பூட்டைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது. அவள் சோதித்ததும் அதில்தான். மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் அது இல்லை, அங்கே எதையும் புதிதாக ஏற்றவும் விடமாட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திறக்கிறது என்று போயிருக்கிறாள்.

மேசைக்கு ஓடினாள். வேலை தெரிந்த கை. நாலு பிடிஎஃப்களையும் தனித்தனியாக இணைத்தாள். ஸ்கேன் படங்களை மட்டும் ஜிப் செய்தாள், பூட்டில்லாமல். அறுபத்து நாலு படங்களுக்கு அது ஒன்றுதான் வழி. அவை பிரியக்கூடாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கடிதத்துக்கு ஜிப் எதற்கு? இரண்டு பக்கக் கடிதம். யாரும் நடந்துகொண்டே போனில் படித்திருக்கலாம்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"வந்துடுச்சு மேடம். லெட்டர் என் போன்லயே திறக்குது. ஸ்கேனும் சிஸ்டத்துல ஏறிடுச்சு." அந்தப் பெண் கெட்டவள் இல்லை. "இப்படி அனுப்பியிருந்தா போதும்."

குழு எத்தனை மணிக்குக் கலைந்தது என்று இவள் கேட்டாள். பத்து மணிக்கு. யாராவது டாக்டர் இன்னும் அங்கே இருப்பாரா? எல்லோரும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார்கள். அடுத்தது பதினைந்து நாள் கழித்து, அதில் முதல் பெயராகப் போடுகிறேன் என்றாள். ஏதோ படிக்கிற மாதிரி நிறுத்தினாள். இந்த ஸ்கேன் எடுத்து இன்றைக்கு இருபத்து மூன்று நாள் ஆகிறது, ஒரு மாதத்துக்கு மேல் பழையதைக் குழு எடுத்துக்கொள்ளாது, எனவே புதிதாக ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள்.

புதிதாக எடுத்தால் அந்த மூன்று மில்லிமீட்டர் அங்கே இருக்குமா என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

எதிர் மேசை இன்ஜினியர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டார். மூட்டை அவிழவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முதலாளி அறையிலிருந்து குரல் வந்தது. குளியலறைப் படங்கள் முடிந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிடச் சொன்னார். அவள் கோப்புகளைத் தேர்ந்தெடுத்தாள். ஏழு. ஒரே மூட்டையாகக் கட்டினாள். பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வந்தது. விரல்கள் பழக்கத்தில் எட்டு எழுத்தையும் அடித்துவிட்டன. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. ரப்பரை எடுத்து அழித்தாள். கோடு போனது, அழுத்திய தடம் போகவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. தம்பி. அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை எடுத்துக் காதில் வைத்தாள். அவன் எங்கோ வெளியே நின்றிருந்தான், காற்று இரைந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலில் சிரிப்பு இருந்தது.

"சொல்லு ஸ்கேல், பாத்துட்டாங்களா? மேலயா, கீழயா?"