திரும்பிப் போனவர்கள்

"ஒன்னைய யாரும் கவனிக்க மாட்டாங்கல்ல?"

சார்லஸ் அத்தான் இதைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அத்தான் என் அக்கா ஜெனிபரின் கணவர். ஆறு வருடமாகக் குவைத்தில் இருப்பவர், இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கேள்வியில் கேலி இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பஸ்ஸில் மிச்சச் சில்லறை கேட்கவும் எனக்கு வாய் வராது.

"மாட்டாங்க அத்தான்" என்றேன்.

"அதான் வேணும்."

அத்தானுக்கு இனி திரும்பிப் போக மனமில்லை. அவருடைய மகனுக்கு நாலு வயது. போனில் பார்த்தால் அப்பா என்பான்; நேரில் பார்த்தால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிவான். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கட்டடம் காலியாக இருந்தது. அங்கே பேக்கரி போட்டு ஊரோடு இருந்துவிட வேண்டும் என்று அத்தான் நினைத்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஒரு தெருவுல ஏற்கெனவே நாலு பேக்கரி இருக்கு. அஞ்சாவதா போயி யாருக்கு டீ ஆத்தப் போறீங்க?"

"கடைக்கு வர்ற ஆளுங்கள எண்ணிப் பாப்போம். எடம் இருந்தா கடை. இல்லைன்னா அடுத்த செவ்வாக்கெழம பிளைட்டு."

அத்தானுடைய பெட்டி பீரோ மேல் இன்னும் பிரிக்காத நாடாவோடு இருந்தது.

குவைத்தில் அத்தான் வேலை பார்த்தது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில். புதுக் கிளை திறப்பதற்கு முன் கம்பெனி ஆட்கள் பக்கத்துக் கடைகளில் சாமான் வாங்குவதுபோலப் போய்த் தலை எண்ணுவார்களாம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு கடைக்கு ஒரு நேரம் மட்டும் போனால் போதாது. காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்றும் வேண்டும். சந்தை நாளும் வேண்டும், சாதாரண நாளும் வேண்டும். அம்மாவும் மூணு பிள்ளைகளும் வந்தால் நாலு இல்லை, ஒன்று. சில்லறை மாற்ற வருபவனை எண்ணக் கூடாது.

"உள்ள போறவுங்கள விட முக்கியம், எடம் இல்லாம திரும்பிப் போறவுங்க. கூட்டம் நெறைய இருந்தா அது அவுங்களோடது. திரும்பிப் போறவுங்கதான் நம்மளோடது."

நோட்டும் பேனாவும் கண்ணில் படும். அதனால் மடியில் இரண்டு அறை வைத்துத் தைத்த ஒரு துணிப்பை. வாங்குகிறவர் ஒருவருக்கு ஒரு புளியங்கொட்டை, திரும்பிப் போகிறவர் ஒருவருக்கு ஒரு குன்றிமணி, வலது அறையிலிருந்து இடது அறைக்கு. மணிக்கொரு தரம் கழிப்பறைப் பக்கம் போய் எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வேன்.

முதல் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. மூன்று கடைகளில் சாயங்காலம்கூட நாற்காலி காலி. நாலாவது கடையில்தான் எல்லோரும். நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை, பள்ளி விட்டவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களுமாக, வாசல்படி வரை நெரிசல். படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் பக்கத்துக் கடைக்கும் போகவில்லை. அங்கே பஃப்ஸ் காலையில் போட்டது. பேசாமல் பஸ் ஏறினார்கள்.

நாலாவது கடைக் கல்லாவில் இருந்த சுகுணா அக்கா என்னைக் கண்டுகொண்டாள்.

"என்னம்மா, ஒரு டீக்கு ஒன்றரை மணி நேரமா? மாப்ள பாக்க வந்தியா?"

எனக்குக் காது சுட்டது. இன்னொரு தேங்காய் பன் வாங்கினேன்.

வியாழக்கிழமைதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டிக். ஒருவர் உள்ளே வந்தார், டிக். நான் கொட்டையைத் தள்ளும்போதெல்லாம் எனக்குப் பின்னாலிருந்து ஒரு டிக். மின்விசிறி என்று நினைத்தேன். ஆள் வராத ஐந்து நிமிடம் சத்தமும் வரவில்லை. கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தேன்.

மெதுவாகத் திரும்பினேன். சுவரோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், முன்னால் ஆடை கட்டிய டீ. இடது கை மேசைக்கு அடியில்; பெருவிரல் ஒரு சின்ன எண்ணும் மிஷினை அமுக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மற்ற மூன்று கடைகளிலும் அதே சட்டை இருந்தது நினைவுக்கு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வேறு மேசையில் உட்கார்ந்தேன். அன்று கூட்டம் அதிகம். அவசரத்தில் ஒரு குன்றிமணி விரலிலிருந்து நழுவி, சிவப்பாக உருண்டு ஓடியது. ஒரு செருப்பு அதை நிறுத்தியது. அவர் குனிந்து எடுத்து என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நேத்து அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் திரும்பிப் போனது எனக்குப் பதினேழு வந்துச்சு" என்றார் தணிந்த குரலில். "நடுவுல ஒரு போன் வந்துருச்சு, சரியா பாக்கல. ஒனக்கு எத்தனைம்மா?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளியில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்ற எத்தனையோ நாள் உண்டு. இன்று வாய் தானாகத் திறந்தது.

"பத்தொம்பது."

"ரெண்டுதான் வித்தியாசம்." தலையாட்டினார். "நல்லா எண்ணுற தாயி."

ஆறு மணியானதும் எழுந்து போய்விட்டார். அவர் டீயை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் கேட்டார். "எத்தனை?"

"நேத்து பத்தொம்பது. இன்னைக்கு இருவத்து நாலு."

"ஒரு மணி நேரத்துலயா?" அத்தான் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? எடம் இருக்குடி." மகனைத் தூக்கினார். அன்றைக்கு அவன் அழவில்லை.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொன்னவள் நான்; கவனித்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அத்தான் எண்ணிக்கையைத்தான் கேட்டார். எண்ணிக்கையைச் சொன்னேன். டிக் சத்தத்தைப் பற்றி என் இன்னொரு நோட்டில், யாரும் பார்க்காத நோட்டில், இரண்டு பக்கம் எழுதினேன். சனிக்கிழமையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அட்வான்ஸ் கொடுக்க அத்தான் என்னையும் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். "ராசியான புள்ள, வா" என்றார். போகும் வழியெல்லாம் கடைக்கு மகன் பெயரை வைப்பதைப் பற்றியே பேசினார்.

காலிக் கட்டடத்தின் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கட்டடக்காரர் ஆரோக்கியதாஸ் வாசலில் நின்று நெற்றியைத் துடைத்தார்.

"ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமே சார்லஸ். தஞ்சாவூர் பேக்கரி கம்பெனி. மாடியும் சேத்து எடுத்துக்கிட்டாங்க. ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. நேத்து சாயங்காலம் திடீர்னு வந்து பேசி முடிச்சிட்டாங்க."

"இத்தன நாளு யோசிச்சவுங்களுக்கு நேத்து என்ன வந்துச்சாம்?"

"ரெண்டு ஆளு எண்ணுனது ஒத்துப்போச்சாம். எனக்கு என்ன தெரியும்?"

அத்தானுக்கு உடனே புரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. வெள்ளிக்கெழம எத்தனை? எனக்கு இருவத்து நாலு."

கறம்பக்குடித் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அத்தான் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இவர தெரியுமா ஃபெமினா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெள்ளிக்கெழம ராத்திரியே வந்திருப்பேனே."

அத்தான் சட்டைப் பையில் அட்வான்ஸ் கவர் துருத்திக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். எதிர் வரிசையில், மூன்று காலிப் பேக்கரிகளுக்கு நடுவே, ஏர் டிக்கெட் என்று எழுதிய டிராவல்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது.

அத்தான் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, தெருவைக் கடந்து அந்தக் கடைக்குப் போனார்.