நாலுக்கு இரண்டு இடம்

காரைக்கால் பக்கத்து நெரவியிலிருந்து வந்த பெண்ணுக்கு மூளை இருக்கும் என்று மாமனார் பிரான்சுவா நம்பவில்லை. திருட்டுப்புத்தி இருக்கும் என்று மட்டும் உடனே நம்பிவிட்டார். அதில்தான் அந்த மருமகள் அமுதத்துக்குக் கோபம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான மாமனாருக்கு, கப்பலில் வேலை பார்க்கும் மகன் ழூல் அமெரிக்காவிலிருந்து ஒரு புதிர்ப் புத்தகம் அனுப்பியிருந்தான். பின்னாளில் உலகமே சுடோகு என்று கொண்டாடிய அதே கட்டம்தான். வரிசை, பத்தி, மூன்றுக்கு மூன்று பெட்டி, எதிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே முறைதான் வரவேண்டும். மாமனார் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை அமுதம் ஒரே மத்தியானத்தில் முடித்தாள். அவரோ மாதா கோயில் பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்களிடம், "புஸ்தகத்துக்குப் பின்னாடி இருக்குற விடையப் பாத்துப் போட்டுட்டா" என்று சிரித்தார்.

"பாத்தேனா? அடுத்த கட்டத்த எல்லார் முன்னாடியும் போடுறேன். புஸ்தகம் அன்னையிலேருந்து ஒங்க அலமாரியிலதானே பூட்டிக் கெடக்கு மாமா?" என்றாள் அமுதம். மாமனார் புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டார்.

ஒன்றில் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக, பெட்டி பெட்டியாகப் பார்த்துவந்தாள். மாமனாரின் தங்கை ஒதெத் எட்டிப் பார்க்க, விரலால் கோடிழுத்துக் காட்டினாள். "நாலுக்கு வந்துட்டோம். மேல இடது பெட்டியில நாலு முதல் வரிசையில இருக்கு. வலது பெட்டியில மூணாவது வரிசையில. அப்ப நடுப்பெட்டிக்கு ரெண்டாவது வரிசைதான். அதுல நடுவுல எட்டு உக்காந்திருக்கு. மிச்சம் ரெண்டு இடம். கீழ ரெண்டு பத்தியிலயும் நாலு இல்ல. அதனால இப்ப எழுதக் கூடாது. அப்புறம் வரலாம்."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு என்ன யோசன? இடது பக்கம் போடு!"

அமுதம் பென்சிலைக் கீழே வைத்தாள். "எந்த வரிசை சொல்லுது மாமா? எந்தப் பத்தி சொல்லுது?"

"சும்மா... ஒரு குத்துமதிப்புதான்."

அவள் ஐந்து, ஆறு என்று மேலே போனாள். ஒன்பதை முடித்து மறுபடி ஒன்றிலிருந்து வந்தபோது, கீழ்ப்பெட்டியின் நாலு வலப்பக்கப் பத்தியில் விழுந்தது. அந்தப் பத்தி அடைபட்டதும் மேலே மிஞ்சியது இடது இடம் ஒன்றுதான். அதில் நாலை அழுத்தி எழுதினாள்.

"குத்துமதிப்பு நல்லா வேலை செஞ்சிருக்கு மாமா. கீழ வலது மூலையில என்ன வரும்?"

"ரெண்டு" என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு. அந்தப் பெட்டியில் இன்னும் நாலு இடம் காலியாகக் கிடந்தது; விடையைப் பார்க்காத யாரும் இப்போதே அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஒதெத் அண்ணனையே பார்த்தாள்.

"விடையப் பாத்தது யாருன்னு ஒங்க வாயாலேயே சொல்லுங்க" என்றாள் அமுதம். "என்னைத் திருடின்னு சொன்னீங்களே, இதே கூடத்துல, இதே சனங்ககிட்ட. அவங்ககிட்டயே சொல்லுங்க."

காப்பித் தட்டோடு வந்த மாமியார் ஜெனேவியேவ் கணவனுக்கு நேராக நின்றாள். தட்டை இறக்கவில்லை.

"மொதல்ல சொல்லுங்க. அப்புறம் காப்பி" என்றாள்.