பெயர் மட்டும் கடைசியில்

நாலு மாத வாடகை பாக்கியை வாய்விட்டுக் கேட்கத் தேவகிக்கு நாக்கு எழும்பவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் ஐசக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அக்கா, டீ சாப்டு" என்பான். குடித்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். இப்போதோ வங்கியில் அடகு வைத்த தாலிச்சங்கிலி ஏலத்துக்குப் போகிற நிலைமை. இருபதாம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

கடிதமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் உத்திரமேரூர் கடைத்தெருவில் அவளுக்குத் தெரிந்த டைப் அடிக்கிற கடை ஒன்றுதான். அது அவளே ஐசக்குக்கு வாடகைக்கு விட்ட கடை.

வருவது வரட்டும் என்று போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, வாடகை பாக்கிக்கு ஒரு லெட்டர் அடிக்கணும். என் கடைல வாடகைக்குக் கீறவருக்குத்தான்."

ஐசக்கின் முகம் மலர்ந்தது. பக்கத்து டீக்கடையும் தேவகியுடையதுதான். அதை நடத்தும் வினோத்குமாரின் அடுப்புப் புகை அன்றாடம் இவன் ஜெராக்ஸ் மெஷினுக்குள் புகுந்து இவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"நீ கவலப்படாத, நான் அடிக்கிறேன். பேரு, பாக்கி?"

"அத்த கடசில சொல்றேன். அனுசரிச்சுக் குடுங்கன்னு போடு."

"இன்னாக்கா நீ? இப்டி எயுதினா எவன் மதிப்பான்? தேதி போடணும். அக்டோபர் பதினஞ்சு. அதுக்கு மேல ஒரு நாள் கூட கெடயாது."

விரல்கள் பறந்தன. மேற்படித் தேதிக்குள் முழுத்தொகையையும் செலுத்த வேண்டும். முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. தவறினால் கடையைக் காலி செய்யச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். தேவகிக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

"ரெண்டு காப்பி எடுக்கணும்க்கா. ஒண்ணுல 'பெற்றுக்கொண்டேன்'னு அவன் கையெயுத்து வாங்கிக்கோ. அப்புறம் வரவே இல்லன்னு சொல்ல முடியாது. சரி, பேரு சொல்லு."

"ஐசக்கு. ஜூன்லேந்து செப்டம்பர் வரிக்கும், மாசம் மூவாயிரத்து ஐந்நூறு."

ஐசக் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் மௌஸைத் தேதியின் பக்கம் நகர்த்தினான்.

"தேதிய தொடாத தம்பி. நீ சொன்னதுதான் ஞாயம்."

"அக்கா, இது இன்னாக்கா பேஜாரு..." என்று இழுத்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் வந்தது. ஃபோனை எடுத்து அங்கேயே இரண்டு மாத வாடகையை அனுப்பினான். கடிதத்தில் பாக்கியை ஏழாயிரம் என்று அடித்தான், தேதி அப்படியே நின்றது. இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

சங்கிலியை இனி மீட்டுவிடலாம். தேவகி முந்தானை முடிச்சை அவிழ்த்து முப்பது ரூபாயை மேசைமேல் வைத்தாள்.

"ஐயோ, வேணாங்க்கா."

"டைப் அடிச்ச காசு, வெச்சிக்கோ. எனக்குப் பாக்கி வெச்சுப் பயக்கம் இல்ல."