இனிய உறக்கத் தாள்

மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆபரேஷனுக்கு முன் பெற்றோரிடம் என்ன பேச வேண்டும் என்று மருத்துவமனையின் தரப்பிரிவு மேலாளர் எழுதிக் கொடுத்த வசனம் அது. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளைத் தூங்க வைத்து எழுப்பியவளுக்கு, ஆயுளில் ஒரு சிரிஞ்சைக்கூடத் தொடாத மனிதர் வசனம் எழுதித் தருகிறார். காலக் கொடுமை!

மேலாளருக்கு நர்சுகள் வைத்த பெயர் அஞ்சு ஸ்டார். பெற்றோர் நிரப்பும் கருத்துப் படிவத்தில் 'பயம் நீங்கியதா?' என்ற கேள்விக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்குவதே அவருடைய பிறவிப்பயன். அதற்காகப் பயமுறுத்தும் சொற்களையெல்லாம் களையெடுத்திருந்தார். மயக்கம் 'இனிய உறக்கம்' ஆயிற்று. வலி 'லேசான அசௌகரியம்' ஆயிற்று. டான்சில் எடுத்த இடத்தில் ரத்தம் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்பது 'ஐயமிருப்பின் அன்புடன் அணுகவும்' என்று இளைத்துப்போனது. வெறும் வயிறு எதற்கு என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இரண்டு வரியைக் காணவே காணோம். கேட்டதற்கு, எதிர்மறையாக இருக்கிறதாம். அவளும் இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் தாளைத்தான் முந்தின நாள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாசித்தாள். அவருடைய ஆறு வயது மகளுக்கு டான்சில். வரும்போது மனிதர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். இரவு படுத்த பிறகு சாப்பாடோ பாலோ வேண்டாம், காலை ஆறரை வரை வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம் என்பதும் அதில் இருந்தது, 'குழந்தையின் வசதிக்காக' என்ற வாலோடு. வாசித்து முடித்தபோது அவர் முகத்தில் பயம் மருந்துக்கும் இல்லை. டாக்டரம்மாவுக்கே, பரவாயில்லையே, வேலை செய்கிறதே என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணி. தியேட்டர் வாசல் அறையில் சிறுமி கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்தும் இடம் மரத்துப்போகப் புறங்கையில் களிம்பு தடவி ஒட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஞ்சு ஸ்டார், வசனம் பிசகாமல் வருகிறதா என்று பார்க்கக் குறிப்பேட்டோடு நின்றார். டாக்டரம்மா இரண்டாம் பக்கத்தைப் பிரித்து, குழந்தை அறிவுறுத்தியபடி வெறும் வயிற்றுடன் உள்ளதா என்று ஒப்பித்தாள். உள்ளது என்றார் அப்பா. பிறகு பிடரியைச் சொறிந்தார்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன் டாக்டரம்மா. வயித்துல ஏதாச்சும் இருந்தா என்ன ஆகும்?"

அதற்கும் தாளில் பதில் இருந்தது: 'இது எங்கள் மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை.' 'இது எங்கள்' வரை வாசித்தவளுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. சும்மா கேட்கிறவனுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது? தாளை மடித்துப் பையில் போட்டாள். அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"மயக்கத்துல இருமல் வராது, விழுங்கவும் முடியாது. வயித்துல இருக்கறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. இப்ப சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?"

மெக்கானிக் உண்மையைக் கக்கிவிட்டார். ஆறு மணிக்கு அரை டம்ளர் பால். யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளைக்குச் சத்தியம் வேறு.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். படித்துப் படித்துச் சொன்னோமே, ஏன் கொடுத்தீர்கள் என்று சீறினாள்.

"நேத்து நீங்க படிச்சதுல அவளோட வசதிக்காகன்னுதான் இருந்துது. பசின்னு அழுதா. வசதியா இல்லையேன்னு குடுத்துட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட்ல எட்டு பேர்னு போர்டு மாட்டினா ஒம்பதாவது ஆள் ஏறத்தான் செய்வான். நடுவுல நின்னு போயிடும்னு சொன்னாதான் இறங்குவான். எனக்கு யாரும் அப்படிச் சொல்லலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆபரேஷன் பகல் ஒரு மணிக்குத் தள்ளிப்போயிற்று. காது மூக்கு தொண்டை சர்ஜன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளை கண் மூடும் வரை அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கண் விழித்தவள் கரகரத்த தொண்டையோடு ஊரைக் கூட்டினாள். ரத்தம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், அவ்வளவுதானே என்று அப்பாவே மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அஞ்சு ஸ்டார் இரண்டு படிவங்களோடு வந்தார். இன்றைக்கு மெக்கானிக் போட்டது ஒரே ஒரு நட்சத்திரம். வசனத்தை மீறியதால் பெற்றோர் கடும் பயத்துக்கு ஆளாகியிருக்கிறார், விளக்கம் வேண்டும் என்றார். நேற்றைய படிவத்தையும் பக்கத்தில் வைத்தார், எப்படி இருந்த மனிதர் பாருங்கள் என்று.

அதில் அஞ்சு நட்சத்திரம். கீழே மெக்கானிக்கின் கோணல் எழுத்தில், 'துளிகூட பயம் இல்லை. நன்றி.'

"அந்த அஞ்சு ஸ்டார்தான் சார் பாலைக் குடுத்துது," என்றாள் டாக்டரம்மா.

இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயெடுத்தாள். படிவத்தின் அடியில், 'வாசித்தவர் கையொப்பம்' என்ற கட்டத்தில், அவளுடைய கையெழுத்து இருந்தது.