பதவி என்ற இடத்தில்

மாரிக்கனி கொண்டுவந்திருந்த பழைய பயோடேட்டாவில் வேலை அனுபவம் என்று ஒரு வரிகூட இல்லை. 2010-இல் படிப்பு முடித்த கையோடு எழுதியது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் சேர்ந்தவள், போன மாதம் அந்த ஆலை மூடும்வரை வேறெங்கும் விண்ணப்பித்ததே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாஸ்மின் அதிலிருந்த பொழுதுபோக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண், உறுதிமொழி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

"மில்லுல என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

மாரிக்கனி தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். பஞ்சின் இழை நீளம், நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட், அதன் வலிமை எல்லாம் சோதித்தது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய நூலில் குறை எந்த மெஷினில் வந்தது என்று கண்டுபிடித்தது. புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. பக்கம் நிறைந்தது. பக்கத்தில் இருந்த கணவன் ஜெயபாண்டியிடம், "இம்புட்டா செஞ்சிருக்கேன்?" என்றாள்.

பதவி என்ற இடத்தில் ஜாஸ்மினின் கை நின்றது. மாரிக்கனி விண்ணப்பிக்க இருந்த வேலையின் விளம்பரம் கேட்டது லேப் இன்சார்ஜ். அனுபவச் சான்றிதழில் இருந்ததோ லேப் அசிஸ்டென்ட். பதவியைக் கூட்டிப் போட்டால் விசாரிக்கும்போது தெரிந்துவிடும் என்றாள் ஜாஸ்மின்.

மாரிக்கனி பழைய மேனேஜர் ஹரிகிருஷ்ணனை அழைத்தாள். விசாரிப்பவர்களுக்கு அவர் பெயரைக் கொடுக்க வேண்டும். அவருடைய ஈமெயில் முகவரியை ஜாஸ்மின் குறித்துக்கொள்ள ஸ்பீக்கரைப் போட்டாள். சான்றிதழை மாற்ற வழியில்லை, செய்த வேலையை யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றார் அவர். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"2017-லயே ஒனக்கு இன்சார்ஜ் ஆர்டர் டைப் ஆச்சும்மா. ஒன் வீட்டுக்காரருதான் வந்து, பிள்ளை சின்னது, நைட் ஷிப்ட் ஏலாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அந்த வருடம் அவளிடம் பயின்ற ஒருவன் இன்சார்ஜ் ஆனான். தனக்குத் தகுதி இல்லை போல என்று அவள் அழுதபோது, விடு, நமக்கு எதுக்கு அந்தத் தலைவலி என்று ஆறுதல் சொன்னவன் ஜெயபாண்டி.

"பாப்பாவுக்கு அப்ப அடிக்கடி மூச்சு இரைச்சலு, கனி," என்றான் இப்போது.

"எனக்குத் தெரியாதா? என்கிட்ட கேட்டிருந்தா நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "எட்டு வருஷமா நான் லாயக்கில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."



ஜாஸ்மினிடம் அசிஸ்டென்ட் என்றே போடச் சொன்னாள். அதற்குக் கீழே, செய்த வேலை ஒன்றையும் குறைக்க வேண்டாம் என்றாள். இன்சார்ஜ் வேலைக்கே அனுப்பலாம், மிஞ்சிப்போனால் வேண்டாம் என்பார்கள். இந்தத் தடவை அதை அவள் காதாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஜாஸ்மின் போன் நம்பர் கேட்டாள். பழக்கத்தில் ஜெயபாண்டி தன் நம்பரைச் சொல்லத் தொடங்கினான்.

"என் நம்பரைப் போடும்மா," என்றாள் மாரிக்கனி.

அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.