அவரவர் போட்டது

கமலேஸ்வரி கடிதத்தை நீட்டியபோது மாயாண்டியின் இரண்டு கையிலும் மாவு.

"வாசிச்சே சொல்லிடுங்க பங்காளி. கையப் பாருங்க" என்று சிரித்தான்.

அவள் வாசிக்கவில்லை. கடிதத்தைக் கண்ணாடி அலுமாரிக்கு மேலே வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் போய்விட்டாள். மல்லாவிச் சந்தைக்கு அன்று சனம் அதிகம். காலை பத்து மணி தாண்டும்வரை மாயாண்டிக்கு நிமிர நேரமில்லை. ரொட்டி தட்டுவதும் புரட்டுவதும், சம்பலை இலையில் வைப்பதும், "ஆறு ரொட்டி, ரெண்டு பிளேன்ரீ" என்று குரல் கொடுப்பதுமாக நின்றான். ஆனால் கவிழ்ந்திருந்த அந்தக் கோப்பையை அவன் கண் விடவேயில்லை. அதற்குள் ஏதோ உயிருள்ள ஒன்றைப் பிடித்து மூடி வைத்தது போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து இறங்கியது. 'எமது பங்குடைமை உடன்படிக்கையின் எட்டாம் பிரிவின்படி, இன்றிலிருந்து மூன்று மாதம் முடிய நான் கடையிலிருந்து விலகுகிறேன். நான் போட்ட பொருட்களை அன்று எடுத்துக்கொள்வேன்.' கீழே கையெழுத்து. திகதி 1997 ஆவணி.

மாயாண்டி கடையைச் சுற்றிப் பார்த்தான். ரொட்டிக்கல், மூன்று பெரிய சோற்றுப் பானைகள், கறிச்சட்டிகள், தண்ணீர் கொதிக்கும் பித்தளைக் கொதிகலன், நாலு மேசை, பதினாறு கதிரை, கண்ணாடி அலுமாரி. எல்லாம் அவள் போட்டது. கிடுகுக் கூரையும் நிலமும் வாடகை. அப்படியானால் அவன் போட்டது எங்கே?

அவன் போட்டது கிளிநொச்சியில் இருந்தது. இராணுவம் இருக்கும் பக்கத்தில்.

*

ஒன்றரை வருடத்துக்கு முன், தைப்பொங்கல் கழிந்த கிழமை, கிளிநொச்சியில் இந்த உடன்படிக்கையை எழுதினார்கள். எழுதியவர் சிற்றம்பலம், நீதிமன்றத்தில் முப்பது வருடம் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கமலேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, புருசன் இல்லாமல், மகன் விதுசனோடு வந்திருந்த காலம் அது. தாலிக்கொடியை விற்ற காசு அவளிடம் இருந்தது. மாயாண்டியிடம் பெரிய வீதியோரத்தில் கால் ஏக்கர் காணி இருந்தது. அதில் சீமெந்துத் தரை போட்ட ஒரு கொட்டில், ஒரு கிணறு, அவனே களிமண் குழைத்துக் கட்டிய அடுப்பு.

"ரெண்டு பேரும் போடுற முதல் பெறுமதியிலை சரிசமன்" என்றார் சிற்றம்பலம். "எல்லாத்தையும் கடையின்ரை சொத்தாக்கிக் காசுக்கணக்கிலை முதலெண்டு எழுதுவம். கொட்டிலும் கிணறும் பாவிக்கிற உரிமையும் இவ்வளவு பெறுமதி, பானை சட்டி இவ்வளவு பெறுமதி எண்டு. விலகேக்கை கணக்குப் பாத்துப் பிரிக்கலாம்."

மாயாண்டி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான்.

"அது வேணாங்க ஐயா. காணி, கொட்டில், கிணறு எதுவும் கடைச் சொத்துன்னு எழுதக்கூடாது."

"காணியைப் பெர்மிட்டிலை தந்தது. அதை அரசாங்கக் கச்சேரியின்ரை அனுமதி இல்லாமல் எழுதவும் ஏலாது. கொட்டிலைத்தான் சொல்லுறன்."

"கொட்டிலும் வேணாங்க. எங்க தாத்தா தேயிலைத் தோட்டத்துல செத்தாரு, அப்பா தோட்டத்துல செத்தாரு. புதைச்ச குழிகூட தொரையோடது. எழுபத்தேழு கலவரத்துல வெட்டித் தொரத்தி இங்க வந்து, பதினஞ்சு வருசம் ஊரான் வயல்ல கூலிக்கு நின்னு, காட்ட வெட்டி, பெர்மிட்டு வாங்கியிருக்கேன். காசு வேணாம். நா போட்டது எனக்கே திரும்பி வரணும். அப்படி எழுதுங்க."

கமலேஸ்வரி சிரித்தாள். "அண்ணை நான் தன்ரை கிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போடுவன் எண்டு பயப்பிடுறார்."

"தூக்கிட்டுப் போனாலும் போவீங்க. யாழ்ப்பாணத்து ஆளுங்க."

மூவரும் சிரித்தார்கள். சிற்றம்பலம் மட்டும் சிரிப்பு அடங்கியபின் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "காசாப் போட்டால் அழிவும் பொதுவிலை போகும். பொருளாப் போட்டால் பொருளோடை போகும். யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சாச்சுங்க."

எழுதினார்கள். இலாபமும் நட்டமும் சரிபாதி. சமையலும் அடுப்பும் மாயாண்டி, கொள்முதலும் கல்லாவும் கமலேஸ்வரி. சேர்ந்து வாங்குவது பொதுச் சொத்து. விலகுகிறவர் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரியும்போது, அவரவர் போட்டதை அவரவர் அந்தந்தப் பொருளாகவே எடுக்க வேண்டும், பொதுச் சொத்தைப் பாதியாக்க வேண்டும். திருத்துவதென்றால் இருவரும் எழுத்தில் ஒப்பமிட வேண்டும்.

கையெழுத்து வைத்ததும் மாயாண்டி, "சரிங்கம்மா" என்று எழுந்தான்.

"இனி அம்மா எண்டு கூப்பிடாதேங்கோ. ஆருக்கும் ஆரும் முதலாளி இல்லை. நாங்கள் பங்காளியள்."

அன்று வீட்டுக்கு நடந்துபோகையில் அந்தச் சொல்லை அவன் வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனான். மனைவி வடிவம்மாவிடம் சொன்னபோது, "பங்காளின்னா சாப்பாட்டுக்கு அரிசி வருமா?" என்று கேட்டாள். வந்தது. ஆறு மாதம் நன்றாகவே வந்தது.

ஆடி கடைசியில் ஷெல் விழத் தொடங்கியது. மல்லாவிக்குப் புறப்பட்ட உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை எல்லாம் மாயாண்டியே ஏற்றினான். ரொட்டிக்கல்லைத் தோளில் சுமந்தான், பானைகளைக் கயிற்றால் கோர்த்துக் கட்டினான், கண்ணாடி உடையாமல் தன் வீட்டுப் பாயைச் சுற்றினான். அவன் போட்டதில் ஏற்றக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தான். வானம் ஒரு தட்டளவு அடியில் கிடந்தது. வாளிக் கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு ஏறினான்.

*

கடிதம் கிடைத்த மறுநாள் மத்தியானம் இருவரும் சிற்றம்பலத்திடம் போனார்கள். அவரும் இடம்பெயர்ந்து, மல்லாவியில் ஒரு பாலைமரத்தின் கீழ் மேசை போட்டு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருந்தார். மேசைக்கு ஒரு கால் குட்டை. செங்கல் வைத்திருந்தார்.

உடன்படிக்கையை முழுதாக ஒருமுறை வாசித்தார். ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வாசித்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நட்டமும் சரிபாதின்னு இருக்கேங்க ஐயா" என்றான் மாயாண்டி. இரவு முழுக்க அவன் பிடித்துக்கொண்டு கிடந்த வரி அது.

"அது யாவாரத்திலை வாற நட்டம். மா புழுத்தால், கடன் வராமல் போனால், ரெண்டு பேருக்கும் பாதி. கொட்டிலும் கிணறும் கடையின்ரை சொத்தில்லை, மாயாண்டி. உம்மடை சொத்து. கடைக்குப் பாவிக்கத்தான் விட்டனீர். உம்மடை பொருள் அழிஞ்சால் உமக்குத்தான் அழிவு."

"வழக்குக்குப் போனா?"

"எங்கை போனாலும் இதைத்தான் வாசிப்பினம்." உடன்படிக்கையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "காணி உம்மடைதான். அதை ஒருத்தரும் எடுக்கேலாது."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். மாயாண்டிக்குச் சிரிப்பு வந்தது. யாரும் எடுக்க முடியாத காணி. அவனாலும்தான் எடுக்க முடியாது.

"அவா சம்மதிச்சால் திருத்தி எழுதலாம்" என்றார் சிற்றம்பலம். "ரெண்டு கையெழுத்து. ரெண்டு நிமிச வேலை."

இருவரும் கமலேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி எண்டு நீங்கள் கேட்டால் அது நியாயம், அண்ணை. எனக்குத் தெரியும். இந்தக் கடையைத் திரும்ப நிமித்தினது உங்கடை கை." நிறுத்தினாள். "விதுசனுக்குத் தையிலை பதினாறு முடியுது."

பதினாறு தாண்டிய பையன்களை இயக்கம் வெளியே போக விடாது. மரத்தின் கீழ் இருந்த எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சிற்றம்பலம் பேனையை மூடினார். வவுனியாவுக்குப் போகும் வழி, வெளியேற ஒரு பாஸ், அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு தொகை. பாதியைக் கொண்டு பாதி வழிதான் போகலாம்.

மாயாண்டி தன்னிடம் என்ன கோபம் இருக்கிறதென்று தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. அவனுக்கும் பிள்ளை இருந்தாள், பன்னிரண்டு வயதில் தர்மிளா. யாராவது ஏமாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏமாற்றியவனை ஏசலாம், சாபம் போடலாம், வழியில் மறிக்கலாம். இங்கே ஒருவரும் இல்லை. அவனே கேட்டு எழுதுவித்த ஒரு வரி மட்டும் இருந்தது.

"எழுதினது எழுதினதுதாங்க" என்றான்.

*

மூன்று மாதமும் கடை நடந்தது. இருவரும் முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தன் பங்கில் ஒரு ரொட்டிக்கல்லாவது வாங்கிவிட மாயாண்டி அலைந்தான். மல்லாவியிலும் துணுக்காயிலும் கல் இல்லை. வவுனியாவிலிருந்து இரும்பு எதையும் இராணுவம் உள்ளே விடுவதில்லை. எங்கோ ஒருவன் தகரப் பீப்பாயை வெட்டித் தட்டித் தந்தான். அடுப்பில் வைத்ததும் அது நடுவில் குழிந்து, தட்டிய மாவு எல்லாம் குழிக்குள் சரிந்தது.

"எவடம் ரொட்டி, எவடம் தோசை எண்டு தெரியேல்லையே, மாயாண்டி" என்று வாடிக்கையாளர் ஒருவர் பகிடி பண்ணினார். அவனும் சிரித்தான்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை, துணுக்காயிலிருந்து வீரகத்தி என்ற யாவாரி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்தார். கமலேஸ்வரி போட்டது எல்லாவற்றையும் ஒரே விலையில் வாங்கிக்கொண்டார். பானைகளை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். பொதுச் சொத்து மேசையில் தனியாக இருந்தது: இங்கே வந்தபின் வாங்கிய பதினொரு கண்ணாடித் தம்ளர், ஒரு அகப்பை, ஒரு வாளி. கமலேஸ்வரி எல்லாவற்றையும் மாயாண்டியின் பக்கம் தள்ளினாள்.

"பாதின்னுதான் இருக்கு" என்றான் அவன். ஐந்து தம்ளரை எண்ணி எடுத்தான். ஆறாவதை அவள் அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அண்ணை, ரொட்டிக்கல்லை விட்டிட்டுப் போகச் சொல்லி இவரைக் கேட்டுப் பாத்தனான். கல் இல்லாட்டி மிச்சமும் வேண்டாமாம்."

"பரவாயில்லங்கம்மா."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தபின்தான் அவனுக்கே கேட்டது. அவள் திருத்தவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

வீரகத்தி ரொட்டிக்கல்லை இரு கையாலும் தூக்கிப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு வருட எண்ணெய் குடித்து அது கண்ணாடி போல மின்னியது.

"இதிலை வேலை செய்த ஆள் ஆர்?"

"நாந்தாங்க."

"உம்மடை கையிலைதான் இது இப்பிடி வந்திருக்கு. நாளைக்கே துணுக்காயிலை கடை திறக்கிறன். வாறீரோ? நாட்கூலி. மூண்டு நேரச் சாப்பாடு."

மாயாண்டி வடிவம்மாவை நினைத்தான், தர்மிளாவை நினைத்தான். கடையின் பின்னால் நெளிந்துகிடந்த தகரக் கல்லையும் நினைத்தான்.

"எழுத்து ஏதும்..." என்று தொடங்கினான்.

வீரகத்தி பெரிதாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. "கூலிக்கு என்ன எழுத்து, காணும்? வந்தால் காசு. வராட்டி இல்லை. ஏறும். பானையள் உருளப் பாக்குது, பிடிச்சுக்கொண்டு வாரும்."

அவன் ஏறினான். தம்ளர்களைச் சாரத்து மடிப்பில் சுற்றி வைத்தான். பெர்மிட் பத்திரம் இடுப்பில், பொலித்தீன் பைக்குள், எப்போதும் போல இருந்தது. லான்ட்மாஸ்டர் குலுங்கிப் புறப்பட்டதும் பெரிய பானை சரிந்து வந்தது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டான். மற்றக் கையால் ரொட்டிக்கல்லைப் பிடித்தான். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. விடியற்காலையில் கடைசி ரொட்டியைத் தட்டியவன் அவன்தான்.