சிறு மின்தடைகள்

சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் சென்னைக்கு மின்னஞ்சல் போக வேண்டும். மணி மூன்றேகால். பெரம்பலூர் ஆபீசில் அறிவரசன் யாஹூ மெசஞ்சரைத் திறந்துவைத்துக்கொண்டு, மூன்று பதில்களை முறைத்துக்கொண்டிருந்தான்.

காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. மூன்று ஊரில் மூன்று மையங்கள். ஒவ்வொரு மையத்துப் பொறுப்பாளரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார். அதை ஒரே அளவில், ஒரே தொனியில், பணிவான ஆங்கிலத்தில் மேனேஜர் வைத்திலிங்கத்துக்கு அனுப்புவது அறிவரசனின் தலைவிதி.

லப்பைக்குடிக்காட்டு ஹுமாயூன்: “12 கட்டு. அரைமணி கரண்ட் போச்சு.”

அரியலூர் ராசாங்கம்: “பாதி.”

வாலிகண்டபுரம் அம்சவள்ளி: “420. கரண்ட் இல்ல.”

ஒருவர் கட்டுக் கணக்கில் சொல்கிறார், ஒருவர் படிவத்தில் சொல்கிறார். ராசாங்கம் எதில் சொல்கிறார் என்பது ராசாங்கத்துக்கே வெளிச்சம்.

“எதுல பாதி?” என்று தட்டினான்.

“குடுத்ததுல.”

“எத்தன குடுத்தோம்?”

“நீங்கதான சார் குடுத்தீங்க.”

பதிவேட்டைப் புரட்டினான். இரண்டாயிரத்து இருநூறு. பாதி ஆயிரத்து நூறு. கட்டுக்கு நூறு படிவம் என்பதால் ஹுமாயூனுக்கு ஆயிரத்து இருநூறு. “பாய், ஒரு வாக்கியமாவது முழுசா எழுதக் கூடாதா?” என்று கேட்டான். “எழுதுனா வேல யாரு பாக்குறது அறிவு?” என்று வந்தது. ஹுமாயூன் ஒரு வாரமாக எழுதியதில் இதுதான் நீளமான வாக்கியம்.

போன வார மின்னஞ்சலைத் திறந்தான். எண்களை மட்டும் மாற்றினால் போதும். மின்சாரத்துக்கென்று அவனிடம் நல்ல வாக்கியம் ஒன்று இருந்தது: “சிறு மின்தடைகள் இருந்தபோதிலும் பணி தொய்வின்றி நடைபெறுகிறது.” தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது ‘பிரச்சினை’ என்ற சொல்லைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஹுமாயூனின் அரைமணிக்கும் அதே வாக்கியம், அம்சவள்ளியின் கரண்ட் இல்லைக்கும் அதே வாக்கியம். பார்க்க ஒரே சீராக இருந்தது. மூன்று வாரமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அனுப்பிவிட்டு டீ சொல்லப் போனவனை வைத்திலிங்கத்தின் பதில் பிடித்து நிறுத்தியது. “நன்றி. மின்தடை எல்லா மையத்துக்கும் ஒன்றுபோல் இருக்கும்போது வாலிகண்டபுரம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு செய்கிறது. ஆட்களே சரியில்லை என்று தெரிகிறது. திங்கள் முதல் அந்த மையத்தை மூடிவிடலாம். ஆட்சேபம் இருந்தால் ஐந்துக்குள் சொல்லவும்.”

அங்கே ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அறிவரசன் போனை எடுத்தான்.

“அம்சவள்ளி, கரண்ட் எவ்வளவு நேரம் இல்ல?”

“தினம் பதினோரு மணிலேர்ந்து மூணு வரைக்கும் சார். டிரான்ஸ்பார்மர் மாத்துறாங்க. யுபிஎஸ் பேட்டரியும் செத்துப் போச்சு. மூணு வாரமா எழுதுறனே, படிக்கறதில்லையா?”

“கரண்ட் இல்லன்னுதான எழுதுற. நாலு மணி நேரம்னு எழுதுனா என்ன?”

“மொத வாரம் எல்லாத்தையும் எழுதுனேன் சார். சுருக்கமா போடுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அறிவரசன் போனைக் காதில் வைத்தபடியே மெசஞ்சரில் பழையதைத் தேடினான். நீளமாக, நேரம், பேட்டரி எல்லாம் போட்டு இருந்தது. அதற்குக் கீழே அவனுடைய பதில்: “சுருக்கமாக.”

மணி நாலரை. அந்த நல்ல வாக்கியத்தைத் தூக்கினான். ஒவ்வொரு மையத்துக்கும் முடிந்த படிவங்கள், மின்சாரம் இல்லாத மணி நேரம், தேவைப்படும் உதவி என்று ஒரே வரிசையில் எழுதினான். லப்பைக்குடிக்காடு வாரத்தில் அரைமணி. அரியலூருக்கு எழுதுமுன் கேட்டான். ராசாங்கம் “இல்ல” என்றார். எது இல்லை என்று அதையும் கேட்டு, தடையே இல்லை என்று உறுதி செய்துகொண்டான். வாலிகண்டபுரம் ஆறு நாளில் இருபத்து நான்கு மணி நேரம். பேட்டரி மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கடைசியில் ஒரு வரி: இந்த விவரம் மூன்று வாரம் முன்பே எனக்கு வந்தது, முந்தைய அறிக்கைகளில் சேர்க்காதது என் தவறு.

இந்த வரியை அழித்தான். திரும்ப அடித்தான். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான்.

ஐந்தே காலுக்குப் பதில் வந்தது. “பேட்டரி செவ்வாய். மூடல் இல்லை.” வணக்கம் இல்லை, நன்றி இல்லை, பெயர்கூட இல்லை.

அம்சவள்ளிக்குப் போன் போட்டுச் சொன்னான்.

“சரி சார். அப்ப காரணம் சொல்லாம எங்க பேருல கொறச்சலா ஏறுன மூணு வாரக் கணக்கு?”

“அதையும் அடுத்த சனிக்கிழம எழுதறேன்.”

“இன்னிக்கே எழுதுங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அறிவரசன் கணினியை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மறுபடி மேசையருகே இழுத்தான்.